கரன்ட் மிரர் தப்பாக நகலெடுக்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒரு சிப்புக்குள் இருபது இடங்களில் 10 மைக்ரோ ஆம்பியர் தேவைப்பட்டால், துல்லியமான மின்னோட்ட மூலம் இருபதை யாரும் கட்டுவதில்லை. நல்லதாக ஒன்றைக் கட்டிவிட்டு மற்றவற்றை அதிலிருந்து நகலெடுப்பார்கள். அந்த நகலெடுக்கும் வேலையைச் செய்வதுதான் கரன்ட் மிரர். நகல் 10 வராமல் 10.9 வந்தாலோ, சிப்புக்குச் சிப் மாறினாலோ, எங்கே தேடுவது என்பதை இங்கே அறிகுறி வாரியாகப் பார்க்கலாம். மாஸ் டிரான்சிஸ்டர் மிரரைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். பைப்போலார் மிரருக்கென்று தனியாக இருக்கும் ஒரு கோளாறு கடைசியில் வரும்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். முதல் டிரான்சிஸ்டரின் டிரெயினை அதன் கேட்டோடு இணைத்துவிட்டு, அதற்குள் 10 மைக்ரோ ஆம்பியரைத் தள்ளுகிறோம். கேட் மின்னோட்டம் எதையும் எடுத்துக்கொள்ளாது. எனவே வந்த மின்னோட்டம் முழுவதும் டிரான்சிஸ்டர் வழியாகப் போகும்வரை கேட் மின்னழுத்தம் ஏறி, சரியான இடத்தில் தானே நின்றுவிடும். அதாவது, "10 மைக்ரோ ஆம்பியருக்கு எவ்வளவு கேட் மின்னழுத்தம் வேண்டும்?" என்ற கேள்விக்கு அந்த டிரான்சிஸ்டரே விடை கண்டுபிடிக்கிறது. அந்த விடையை அதேபோன்ற இரண்டாவது டிரான்சிஸ்டரின் கேட்டுக்குக் கொடுக்கிறோம். அதுவும் 10 மைக்ரோ ஆம்பியரை இழுக்கிறது.

ஆக, இங்கே கம்பியில் பயணிப்பது மின்னோட்டம் அல்ல, ஒரு மின்னழுத்தம். அது மறுபடியும் சரியான மின்னோட்டமாக மாற வேண்டுமானால் மூன்று விஷயங்கள் உண்மையாக இருக்க வேண்டும்: இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இரண்டின் சோர்ஸும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்க வேண்டும், டிரெயின் மின்னழுத்தம் மின்னோட்டத்தைப் பாதிக்கக் கூடாது. மூன்றுமே நிஜத்தில் முழுக்க உண்மை இல்லை. கோளாறுகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

எடுத்துக்காட்டும் முதல் சோதனையும்

கடைசிவரை ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 1.8 வோல்ட் சப்ளை. ரெஃபரன்ஸ் 10 மைக்ரோ ஆம்பியர். இரண்டு என்-மாஸ் டிரான்சிஸ்டர்கள், ஒவ்வொன்றும் அகலம் 2 மைக்ரான், நீளம் 0.5 மைக்ரான். த்ரெஷோல்ட் 0.45 வோல்ட். இந்தக் கணக்குக்கு த்ரெஷோல்டுக்கு மேல் சுமார் 0.13 வோல்ட் ஓவர்டிரைவ் தேவைப்படும். எனவே கேட் மின்னழுத்தம் சுமார் 0.58 வோல்ட்டில் நிற்கும்.

என்-ஜிஸ்பைஸில் பார்க்க இது போதும்:

```
current mirror check
VDD vdd 0 1.8
Iref vdd g 10u
M1 g g 0 0 nm W=2u L=0.5u
M2 out g 0 0 nm W=2u L=0.5u
Vout out 0 1.0
.model nm NMOS (LEVEL=1 VTO=0.45 KP=300u LAMBDA=0.1)
.control
dc Vout 0 1.8 0.01
plot -i(Vout)
.endc
.end
```

அவுட்புட் மின்னழுத்தத்தை 0 முதல் 1.8 வரை நகர்த்தி, அவுட்புட் மின்னோட்டத்தை வரைகிறோம். சிலிக்கானிலும் இதே சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஒரே ஒரு புள்ளியில் அளந்துவிட்டு "9 சதவீதம் அதிகம்" என்று சொன்னால் அதிலிருந்து எந்தக் காரணத்தையும் கண்டுபிடிக்க முடியாது. கோடு முழுவதும் வேண்டும்.

அந்தக் கோட்டில் ஒரு புள்ளி மிக முக்கியம்: அவுட்புட் மின்னழுத்தம் கேட் மின்னழுத்தத்துக்குச் சமமாகும் இடம், நம் கணக்கில் 0.58 வோல்ட். அங்கே இரண்டு டிரான்சிஸ்டர்களின் டிரெயினும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. எனவே டிரெயினால் வரும் பிழை அந்தப் புள்ளியில் பூஜ்ஜியம். அங்கே 10 மைக்ரோ ஆம்பியர் சரியாக வந்து, மற்ற இடங்களில் விலகினால் குற்றவாளி டிரெயின் மின்னழுத்தம். அங்கேயே விலகினால் டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் இல்லை, அல்லது சோர்ஸ் ஒரே மட்டத்தில் இல்லை, அல்லது ரெஃபரன்ஸே தவறு. தேட வேண்டிய இடம் இந்த ஒரு அளவிலேயே பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. ரெஃபரன்ஸ் பின் வெளியே வந்திருந்தால், கேட் மின்னழுத்தத்தை அங்கேயே மல்டிமீட்டரால் அளக்கலாம். ஆனால் 10 மெகா ஓம் உள்தடை கொண்ட மீட்டர் 0.58 வோல்ட்டில் 58 நானோ ஆம்பியரைத் தானே எடுத்துக்கொள்ளும். அது ரெஃபரன்ஸில் 0.6 சதவீதம். கேட் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு மீட்டரைக் கழற்றிவிட்டு, அப்புறம் அவுட்புட்டை அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: எல்லா நகல்களும் ஒரே விகிதத்தில் விலகுகின்றன

இது மிரரின் பிழை அல்ல. இருபது நகல்களும் ஒன்றாக 15 சதவீதம் குறைந்தால், மிரர் தன் வேலையைச் சரியாகச் செய்து தவறான ரெஃபரன்ஸை நகலெடுக்கிறது என்று பொருள். ரெஃபரன்ஸ் சிப்பிலுள்ள மின்தடையிலிருந்து வந்தால் அதன் மதிப்பு 20 சதவீதம் வரை விலகுவது சாதாரணம். மின்தடையை டிரிம் செய்யுங்கள், அல்லது வெளியே ஒரு துல்லியமான மின்தடையை வையுங்கள். மிரரைத் தொட வேண்டாம்.

அறிகுறி: 0.58 வோல்ட்டில் சரி, அவுட்புட் ஏற ஏற மின்னோட்டமும் ஏறுகிறது

அதிகம் பார்க்கக்கூடிய கோளாறு இதுதான். சாச்சுரேஷனில் டிரெயின் மின்னழுத்தம் மின்னோட்டத்தைப் பாதிக்காது என்று பாடத்தில் படிப்போம். உண்மையில் டிரெயின் மின்னழுத்தம் ஏறும்போது, டிரெயின் பக்கமுள்ள காலிப்பகுதி சானலுக்குள் நீண்டு, சானலின் பயனுள்ள நீளத்தைக் குறைக்கிறது. நீளம் குறைந்தால் மின்னோட்டம் கூடும். இதுவே சானல் நீள மாடுலேஷன், அதன் அளவைச் சொல்லும் எண் λ. சூத்திரமாக:

```
Iout / Iref = (1 + λ·Vout) / (1 + λ·Vgs)
```

நம் எடுத்துக்காட்டில் λ வோல்ட்டுக்கு 0.1. அவுட்புட் 1.5 வோல்ட்டில் இருந்தால் மேலே 1.15, கீழே 1.058. விடை 1.087. அதாவது 10-க்குப் பதில் 10.87 மைக்ரோ ஆம்பியர். அவுட்புட் மின்தடையாகச் சொன்னால் சுமார் 1 மெகா ஓம்.

சரிசெய்ய இரண்டு வழி. முதலாவது நீளத்தைக் கூட்டுவது. λ ஏறத்தாழ நீளத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். அகலம் 4, நீளம் 1 என்று இரண்டையும் இரட்டித்தால் ஓவர்டிரைவ் மாறாது, 8.7 சதவீதப் பிழை சுமார் 4.5 ஆகும். பரப்பு மட்டும் நான்கு மடங்கு. இந்த வழியிலேயே 0.1 சதவீதத்துக்குப் போக நினைத்தால் டிரான்சிஸ்டர் அசிங்கமாகப் பெருத்துவிடும்.

இரண்டாவது வழி காஸ்கோடு. மிரர் டிரான்சிஸ்டரின் தலையில் இன்னொரு டிரான்சிஸ்டரை ஏற்றி வைக்கிறோம். அவுட்புட்டில் நடக்கும் ஆட்டத்தை மேலே உள்ளது வாங்கிக்கொள்கிறது. கீழே உள்ளதன் டிரெயின் கிட்டத்தட்ட அசையாது. எவ்வளவு அசையாது? மேலே உள்ளதன் உள்ளார்ந்த கெயின் எவ்வளவோ அவ்வளவு மடங்கு. நம் டிரான்சிஸ்டருக்கு டிரான்ஸ்கண்டக்டன்ஸ் சுமார் 155 மைக்ரோ சீமென்ஸ், அவுட்புட் மின்தடை 1 மெகா ஓம், எனவே கெயின் சுமார் 155. அவுட்புட் 1 வோல்ட் ஆடினால் மிரரின் டிரெயின் 6 அல்லது 7 மில்லிவோல்ட்தான் ஆடும்.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. காஸ்கோடு, மிரரின் டிரெயினை அசையாமல் பிடிக்கும். அதைச் சரியான மின்னழுத்தத்தில் பிடிக்கிறதா என்பது வேறு கேள்வி. ரெஃபரன்ஸ் பக்கம் டிரெயின் 0.58 வோல்ட்டிலும், காஸ்கோடு பக்கம் 0.2 வோல்ட்டிலும் நின்றால், கோடு அழகாகத் தட்டையாக வரும், ஆனால் சுமார் 3.6 சதவீதம் கீழே வரும். எனவே காஸ்கோடு போட்ட பின்பும் கோடு கீழே நின்றால், இரண்டு மிரர் டிரான்சிஸ்டர்களின் டிரெயின் மின்னழுத்தத்தையும் ஆபரேட்டிங் பாயின்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெஃபரன்ஸ் கிளையிலும் ஒரு காஸ்கோடு வைத்து இரண்டையும் சமப்படுத்துவதுதான் தீர்வு.

அறிகுறி: அவுட்புட் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் மின்னோட்டம் சரிந்துவிடுகிறது

டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனை விட்டு வெளியேறிவிட்டது. அதற்குப் பின் அது வெறும் மின்தடைபோல நடந்துகொள்ளும். சாதாரண மிரருக்கு இந்த எல்லை ஓவர்டிரைவ் அளவுதான், நம் கணக்கில் 0.13 வோல்ட். ஒன்றின் மேல் ஒன்றாக டயோடு இணைப்பு வைத்த எளிய காஸ்கோடில் அது த்ரெஷோல்டும் இரண்டு ஓவர்டிரைவும் சேர்ந்து சுமார் 0.71 வோல்ட் ஆகிவிடும். 1.8 வோல்ட் சப்ளையில் 0.71-ஐ ஒரு மின்னோட்ட மூலத்துக்கே கொடுப்பது கையைக் கடிக்கும். காஸ்கோடின் கேட்டைத் தனியாக பயஸ் செய்யும் அகல வீச்சு அமைப்பில் இரண்டு ஓவர்டிரைவ், அதாவது 0.26 வோல்ட் போதும்.

ஆனால் 0.26 என்பது கத்தி முனை. அந்த அளவுக்கே பயஸ் வைத்தால், வெப்பம் ஏறும்போது மொபிலிட்டி குறைந்து ஓவர்டிரைவ் கூடும், மிரர் டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனை விட்டு நழுவும். அறையில் சரியாக இருந்து சூட்டில் மட்டும் கெடும் காஸ்கோடு மிரரில் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். 50 முதல் 100 மில்லிவோல்ட் கூடுதல் இடம் விடுங்கள்.

அறிகுறி: கோடு தட்டையாக இருக்கிறது, ஆனால் உயரம் சிப்புக்குச் சிப் மாறுகிறது

இது மிஸ்மேட்ச். ஒரே சிப்பை வைத்துக்கொண்டு இதை நிரூபிக்க முடியாது. பத்துப் பதினைந்து சிப்பாவது அளக்க வேண்டும். நகலின் சராசரி 10-இல் நின்று, அளவுகள் இருபக்கமும் சிதறினால் மிஸ்மேட்ச். சராசரியே நகர்ந்திருந்தால் அது லேஅவுட்டில் இருக்கும் நிரந்தரப் பிழை, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

பக்கத்தில் பக்கத்தில் வரைந்த இரண்டு டிரான்சிஸ்டர்களின் த்ரெஷோல்டுகூட ஒன்றாக இருக்காது. சானலுக்குக் கீழே கிடக்கும் டோப்பிங் அணுக்களின் எண்ணிக்கையே இரண்டிலும் சற்று வேறுபடும். இந்தச் சிதறல் பரப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்ற விதியை 1989-இல் மார்செல் பெல்க்ரோமும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். இன்றும் ஃபவுண்ட்ரி ஆவணங்களில் அந்தக் குணகம்தான் தரப்படுகிறது. நம் எடுத்துக்காட்டுக்கு அதை 5 மில்லிவோல்ட்-மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 2 × 0.5, அதாவது 1 சதுர மைக்ரான். எனவே ஒரு சிக்மா 5 மில்லிவோல்ட். அதை மின்னோட்டமாக மாற்றினால்:

```
σ(ΔI/I) = 2·σ(ΔVth) / Vov = 2 × 5 mV / 129 mV ≈ 7.8 %
```

மூன்று சிக்மாவுக்குப் பார்த்தால் 23 சதவீதம்! முந்தைய பகுதியில் 8.7 சதவீதத்துக்காகக் காஸ்கோடு போட்டோம். இந்தச் சிதறலுக்குக் காஸ்கோடு ஒன்றும் செய்யாது.

இப்போது இயல்பாக வரும் யோசனை, அகலத்தைக் கூட்டிப் பரப்பைப் பெரிதாக்கலாம் என்பது. அது வேலை செய்யாது. காரணத்தைச் சூத்திரத்திலேயே பார்க்கலாம். மின்னோட்டம் மாறாமல் அகலத்தை நான்கு மடங்காக்கினால் பரப்பும் நான்கு மடங்காகி, த்ரெஷோல்ட் சிதறல் பாதியாகும். ஆனால் அதே நேரத்தில் ஓவர்டிரைவும் பாதியாகும். மேலே பாதி, கீழே பாதி, விடை மாறவே இல்லை. அகலத்தை இன்னும் கூட்டிக்கொண்டே போனால் டிரான்சிஸ்டர் வலுவான நிலையை விட்டுப் பலவீன நிலைக்குப் போய்விடும். அங்கே ஓவர்டிரைவ் கணக்கு செல்லாது. அந்த நிலையில் 5 மில்லிவோல்ட் வித்தியாசமே சுமார் 15 சதவீதம் பிழை தரும்.

நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு கூடிச் சிதறல் குறைகிறது, ஓவர்டிரைவும் கூடுகிறது. இரண்டும் நமக்குச் சாதகம். கணக்குப் போட்டால் பிழை நேராக நீளத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும், அகலம் கணக்கிலேயே வராது. அகலம் 4, நீளம் 4 என்று எடுத்தால் ஓவர்டிரைவ் 0.26 வோல்ட், சிக்மா 1.25 மில்லிவோல்ட், மின்னோட்டப் பிழை சுமார் 1 சதவீதம். நீளம் எட்டு மடங்கு, பிழை எட்டில் ஒன்று. அப்படியானால் அகலம் எதற்கு? எவ்வளவு தாழ்ந்த அவுட்புட் மின்னழுத்தம்வரை வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்க. துல்லியத்துக்கு நீளத்தைத் தேர்ந்தெடுங்கள், ஹெட்ரூமுக்கு அகலத்தை. நீண்ட டிரான்சிஸ்டரில் λ-வும் கூடவே குறைந்துவிடுவது போனஸ்.

"காமன் சென்ட்ராய்டு போட்டும் சிதறுகிறதே" என்ற புலம்பல் அடிக்கடி கேட்கும். அந்த அமைப்பு, சிப்பின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சீராக மாறும் வித்தியாசத்தை மட்டுமே ஈடுசெய்யும். தற்செயலான சிதறலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சிமுலேஷனில் இது ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். கார்னர் சிமுலேஷன் எல்லா டிரான்சிஸ்டர்களையும் சேர்த்தே வேகமாக்கும் அல்லது மெதுவாக்கும். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் மிரர் விகிதம் கெடாது. மிஸ்மேட்ச் மாதிரியை இயக்கி மான்டே கார்லோ ஓட்டினால்தான் கண்ணில் படும்.

அறிகுறி: எல்லாச் சிப்பிலும் ஒரே மாதிரி, ஒரே பக்கம் விலகுகிறது

விகிதம் 1:1 இல்லாத மிரரானால் முதலில் எப்படி வரைந்தீர்கள் என்று பாருங்கள். 80 மைக்ரோ ஆம்பியர் வேண்டும் என்று அகலம் 2-ஐ அகலம் 16 ஆக ஒரே டிரான்சிஸ்டராக நீட்டியிருந்தால் அதுதான் காரணம். வரைந்த அகலமும் சிலிக்கானில் கிடைக்கும் அகலமும் ஒன்றல்ல. இரண்டிலும் 0.1 மைக்ரான் குறைகிறது என்றால் 15.9-ஐ 1.9-ஆல் வகுக்க வேண்டும். விகிதம் 8.37, பிழை 4.6 சதவீதம். 2 மைக்ரான் டிரான்சிஸ்டரையே எட்டுத் தடவை நகலெடுத்துப் பக்கத்தில் வைத்து இணைத்தால், குறைவது எல்லாவற்றிலும் ஒரே அளவில் குறைந்து விகிதம் 8 ஆகவே நிற்கும். ஓரத்தில் டம்மி, எல்லாவற்றுக்கும் ஒரே திசை என்பதெல்லாம் இதே காரணத்துக்காகத்தான். நீளத்தை மாற்றி விகிதம் எடுப்பதை நினைக்கவே வேண்டாம், நீளம் மாறினால் த்ரெஷோல்டே மாறிவிடும்.

விகிதம் சரியாக இருந்தும் தூரத்திலுள்ள நகல் மட்டும் குறைவாக வந்தால், கிரவுண்ட் கம்பியைப் பாருங்கள். கேட் கம்பியில் மின்னோட்டம் இல்லை, எனவே அதன் மின்னழுத்தம் அப்படியே போய்ச் சேரும். கிரவுண்ட் அப்படி இல்லை. வேறொரு பிளாக்கின் 1 மில்லி ஆம்பியர் அதே கிரவுண்ட் கம்பியில் 5 ஓம் தடையைக் கடந்து திரும்பினால், தூரத்து சோர்ஸ் 5 மில்லிவோல்ட் உயர்ந்துவிடும். கேட்–சோர்ஸ் மின்னழுத்தம் 5 மில்லிவோல்ட் குறையும். விளைவு மேலே கணக்கிட்ட அதே 7.8 சதவீதம்தான், குறைவாக. உறுதிப்படுத்துவது சுலபம்: அந்தப் பிளாக்கை அணைத்துவிட்டு மறுபடி அளங்கள். நகல் எழுந்து நின்றால் சந்தேகமே இல்லை.

தடிமனான கிரவுண்ட் உலோகம் கொஞ்சம் உதவும். இதைவிட நல்லது, தூரத்துக்குக் கேட் மின்னழுத்தத்தை அனுப்பாமல் மின்னோட்டத்தையே அனுப்புவது. ரெஃபரன்ஸுக்குப் பக்கத்திலேயே நகலெடுத்து, அந்த மின்னோட்டத்தைக் கம்பியில் அனுப்பி, சேருமிடத்தில் உள்ளூர் கிரவுண்டைக் கொண்டு இன்னொரு மிரரால் மறுபடி நகலெடுங்கள். மின்னோட்டத்துக்கு வழியிலுள்ள சில ஓம் தடைகள் ஒரு பொருட்டல்ல. கூடுதல் மிரர் தன் பங்குக்குக் கொஞ்சம் மிஸ்மேட்சைச் சேர்க்கும்தான். பெரிய சிப்பில் அந்த விலையைக் கொடுத்துவிடலாம்.

அறிகுறி: டிசியில் சரி, பக்கத்து நகல் ஸ்விட்ச் ஆகும்போது துடிக்கிறது

அந்த நகலின் டிரெயின் சட்டென்று ஏறி இறங்கும்போது, டிரெயினுக்கும் கேட்டுக்கும் இடையிலுள்ள சிறிய கெப்பாசிட்டன்ஸ் வழியாகப் பொதுவான கேட் கம்பி உதை வாங்குகிறது. கேட் கம்பியில் கெப்பாசிட்டர் வைத்தால் உதை சிறிதாகும், ஆனால் மீள்வது மெதுவாகும். ரெஃபரன்ஸ் டிரான்சிஸ்டர் கேட் கம்பிக்குக் காட்டும் தடை சுமார் 6.5 கிலோ ஓம். 10 பிக்கோ ஃபாரட் வைத்தால் மீளும் கால மாறிலி 65 நானோ வினாடி. ஸ்விட்ச் அதைவிட வேகமாக வந்துகொண்டே இருந்தால் கேட் ஒருபோதும் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஸ்விட்ச் ஆகும் நகலில் மட்டும் காஸ்கோடு வைத்து மிரரின் டிரெயினை மறைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பைப்போலாரில் மட்டும்: ஒரு நகலின் அவுட்புட் தாழ்ந்தால் மற்ற எல்லாம் குறைகின்றன

மாஸ் கேட் எதையும் எடுத்துக்கொள்ளாது, பைப்போலார் பேஸ் எடுத்துக்கொள்ளும். இரண்டு டிரான்சிஸ்டர் மிரரில் அந்த இரண்டு பேஸ் மின்னோட்டங்களும் ரெஃபரன்ஸிலிருந்தே வெட்டப்படுவதால், பீட்டா 50 என்றால் நகல் கிட்டத்தட்ட 4 சதவீதம் குறைவாக வரும். நகல்களின் எண்ணிக்கை கூடக் கூடக் குறைவும் கூடும். இது நிலையான பிழை என்பதால் எளிதில் பிடித்துவிடலாம்.

குழப்புவது வேறொன்று. நகல்களில் ஒன்றின் அவுட்புட், எமிட்டருக்கு மிக அருகே இழுக்கப்பட்டு சாச்சுரேஷனுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (பைப்போலாரில் அந்தச் சொல் மாஸுக்கு நேரெதிரான நிலையைக் குறிக்கும்). அதன் பேஸ் மின்னோட்டம் பலமடங்கு பெருகி, பொதுவான பேஸ் கம்பியிலிருந்து அள்ளிக்கொள்ளும். ஒரு கோளாறும் இல்லாத மற்ற நகல்கள் எல்லாம் சேர்ந்து குறையும். அளப்பவர் அவற்றையே குடைந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு அவுட்புட்டின் மின்னழுத்தத்தையும் ஒரு முறை அளந்து, எது 0.2 வோல்ட்டுக்குக் கீழே கிடக்கிறது என்று பாருங்கள். பேஸ் கம்பிக்கு மின்னோட்டம் கொடுக்க ஒரு எமிட்டர் ஃபாலோயரைச் சேர்த்தால், சாதாரண பேஸ் மின்னோட்டப் பிழை கிட்டத்தட்ட பீட்டா மடங்கு சுருங்கும், ஒரு நகல் சாச்சுரேஷனுக்குப் போனாலும் மற்றவற்றில் பெரிய அதிர்வு இருக்காது. அதற்கு ரெஃபரன்ஸ் பக்கத்தில் இன்னும் ஒரு 0.7 வோல்ட் ஹெட்ரூம் வேண்டும்.